“வழங்கப்பட்டது” என்ற ஒரு சொல்லைப் பற்றி

“இலங்கையில் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்ட ஆண்டு எது?”

சாதாரண தரப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் தூக்கத்திலும் 1931 என்பார்கள். யார் வழங்கினார் என்றால் டொனமூர் என்பார்கள். புள்ளியும் கிடைத்துவிடும். விடை சரி, அதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு அந்த “வழங்கப்பட்ட” என்ற சொல்லோடுதான். யாரோ ஒரு துரைமார் கப்பலில் வந்து இறங்கி, பெருநாள் காசு மாதிரி எல்லோர் கையிலும் ஆளுக்கு ஒன்று வைத்துவிட்டுப் போனதாக அது ஒரு படத்தைத் தருகிறது. யாருக்கு அதுவரை இல்லாமல் இருந்தது, யார் வேண்டாம் என்றார்கள், கொடுத்தபின் யாரிடமிருந்து பறித்தார்கள் என்பதெல்லாம் அந்தப் படத்தில் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் நம்முடைய முகநூல் பக்கங்களில் ஒரு கருத்து தவறாமல் வருகிறது. “படிக்காத சனத்துக்கு வாக்கு எதற்கு? ஓ.எல் பாஸ் பண்ணினவனுக்கு மட்டும் கொடுத்தால் நாடு உருப்படும்.” இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் புதிதாக ஒன்றைச் சொல்வதாக நினைக்கிறார்கள். ஆனால் அந்த ஏற்பாடு இந்த நாட்டில் ஏற்கனவே இருந்தது. நூறு வருடங்களுக்கு முன் அதுதான் சட்டம். அது எப்படி நடந்தது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

1911 வரை சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்களை ஆளுநரே நியமித்தார். 1889இல் முஸ்லிம்களுக்கென ஓர் ஆசனம் சேர்க்கப்பட்டபோது அதில் அமர்ந்த எம்.சி. அப்துல் ரஹ்மானும் நியமனம்தான். 1911இல் முதன்முறையாக ஒரு சிறு தேர்தல் நடந்தது. ஐரோப்பியருக்கு இரண்டு, பறங்கியருக்கு ஒன்று, “படித்த இலங்கையர்” என்பவர்களுக்கு ஒன்று. அந்த ஒரே ஆசனத்துக்கு பொன்னம்பலம் இராமநாதனும் மார்கஸ் பெர்னாண்டோவும் போட்டியிட்டார்கள், இராமநாதன் வென்றார். முழு நாட்டிலும் அந்த ஆசனத்துக்கு வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. இன்று ஒரு பெரிய பாடசாலையின் பிள்ளைகள் தொகை அது. “படித்தவனுக்கு மட்டும் வாக்கு” என்பதன் சுத்தமான வடிவம் வேண்டுமென்றால் 1911ஐப் பாருங்கள்.

பிறகு 1924 வந்தது. மானிங் – டெவன்ஷயர் சீர்திருத்தம் என்று புத்தகத்தில் இருக்கும். வாக்காளர் தொகை இரண்டு இலட்சத்து ஐயாயிரம் அளவுக்கு உயர்ந்தது. கேட்க நிறையத்தான். ஆனால் சனத்தொகையில் அது நூற்றுக்கு நாலு. மற்ற தொண்ணூற்றாறும் எங்கே போனார்கள் என்று புரிய, சட்டம் என்ன கேட்டது என்று பார்க்க வேண்டும்.

ஆணாக இருக்க வேண்டும். 21 வயது. ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகியவற்றில் ஒன்று வாசிக்க எழுதத் தெரிய வேண்டும். அந்தத் தொகுதியில் ஆறு மாதம் வசித்திருக்க வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும் போதாது. வருடம் 600 ரூபாய் வருமானம், அல்லது 1,500 ரூபாய் பெறுமதியான காணி பூமி, அல்லது குறிப்பிட்ட பெறுமதியுள்ள ஒரு கட்டடத்தில் குடியிருப்பு, இவற்றில் ஒன்றையாவது காட்ட வேண்டும்.

நான் வகுப்பில் இதை வாசித்துவிட்டு விடுவதில்லை. ஆட்களை வைத்துப் பார்க்கச் சொல்வேன். நீங்களும் பாருங்கள்.

கிழக்கிலே ஓர் ஊர். 1925 என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு புடைவைக் கடை முதலாளி. தமிழ் வாசிப்பார், கணக்கு எழுதுவார், மாதம் 50 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். அவருக்கு வாக்கு உண்டு. அடுத்த வளவில் ஒருவர் குத்தகைக்கு வயல் செய்கிறார். குர்ஆன் ஓதுவார், ஊரில் மார்க்க விஷயம் தெரிந்தவர் என்று பெயர். ஆனால் ஓதத் தெரிந்தது சட்டத்தின் கணக்கில் எழுத்தறிவு இல்லை. தமிழும் வாசிப்பார் என்றே வைத்தாலும் 600 ரூபாய்க்கு எங்கே போவார்? அவருக்கு இல்லை.

இனி முதலாளியின் மனைவி. நம் கிழக்கு மாகாண வழக்கம் தெரியும்தானே, வீடு பெண்ணுக்குத்தான். சீதனமாக எழுதிக்கொடுத்த வீடும் வளவும் அவள் பெயரில் இருக்கிறது. மாப்பிள்ளை வந்து குடியிருக்கிறவர். ஆக சொத்துத் தகுதி யாருக்கு இருக்கிறது? அவளுக்கு. வாக்கு யாருக்கு? சட்டம் இதற்கும் ஒரு வழி செய்திருந்தது. காணி ஆணின் சொந்த உரித்தில் இருக்கலாம், அல்லது மனைவியின் உரித்தால் வந்ததாக இருக்கலாம். இரண்டும் செல்லும். அதாவது மனைவியின் உறுதியைக் காட்டி புருசன் வாக்காளர் ஆகலாம். உறுதிக்காரி ஆக முடியாது. சொத்துள்ளவனுக்கு நாட்டில் அக்கறை இருக்கும், ஆகவே அவனுக்கு வாக்கு என்பதுதான் சொத்து வரம்புக்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயம் எவ்வளவு தூரம் உண்மை என்று இந்த ஒரு வாசகமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சொத்து இருந்தது அவளிடம், அக்கறை மட்டும் எப்படியோ அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னுமொரு குடும்பம், மலையகத்தில். புருசனும் பெண்சாதியும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. 1929இல் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோதுகூட மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். மாதம் 25 நாள் இருவரும் வேலை செய்தால் அவருக்கு 13 ரூபாய் 50 சதம், அவளுக்கு 10 ரூபாய் 75 சதம். இரண்டையும் கூட்டினாலும் 24 ரூபாய் 25 சதம். சட்டம் கேட்ட 50 ரூபாயில் பாதிகூட இல்லை. இந்த நாட்டின் வருமானத்தில் பெரும்பங்கை உண்டாக்கிய கைகள் அவை என்பதை மறக்க வேண்டாம்.

டொனமூர் ஆணைக்குழு 1927 நவம்பரில் வந்தது. நாலு பேர். தலைவர் டொனமூர் பிரபு, உறுப்பினர்களில் தொழிற்கட்சிக்காரரான டாக்டர் ட்ரமண்ட் ஷீல்ஸ் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் முன் சாட்சி சொல்லப் போன நம் தலைவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதுதான் பாடப்புத்தகத்தில் ஒரு வரியோடு ஓடிவிடுகிற இடம். கேட்டது அதிகாரம். வாக்காளர் தொகையைப் பெருக்குவதை அல்ல. இலங்கைத் தேசிய காங்கிரஸ் மாதம் 50 ரூபாய் என்ற வருமான வரம்பை விடத் தயாராக இல்லை. இராமநாதன் சர்வசன வாக்குரிமையையும் பெண்கள் வாக்கையும் எதிர்த்தார். சிங்களவர், தமிழர், நம்மவர் என்று வேறுபாடு அதிகம் இல்லை. படித்த, வசதியுள்ள ஆண்களான தலைவர்கள் தங்களைப் போன்றவர்களிடமே வாக்கு இருந்தால் போதும் என்றார்கள். எல்லோருக்கும் கொடு என்று உறுதியாகக் கேட்ட முக்கியமான குரல் தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவுடையது. துறைமுகத்திலும் ட்ராம் வண்டியிலும் வேலை செய்தவர்களின் ஆள் அவர்.

இன்னொரு குரல் பெண்களுடையது. ஆணைக்குழு வந்த நேரம் பார்த்து 1927 டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அதன் செயலாளர் எக்னஸ் டி சில்வா. டாக்டர் மேரி இரட்ணம் அதில் முன்னின்றவர். எல்லோரும் கொழும்பின் நல்ல நிலைமைக் குடும்பத்துப் பெண்கள்தான். அவர்கள் சாட்சி சொல்லும்போது டொனமூர் பிரபு ஒரு கேள்வியை எடுத்துப் போட்டார். தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்பது கேள்வி. வசதியுள்ள பெண்களை மடக்குவதற்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது. எக்னஸ் டி சில்வா, நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற பொருளில் பதில் சொன்னார். அந்த மண்டபத்தில் பேசிய பெரிய பெரிய ஆண்களின் நீண்ட சாட்சியங்களைவிட இந்தப் பதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1928இல் அறிக்கை வந்தது. எழுத்தறிவு நிபந்தனையை ஆணைக்குழு கைவிடச் சொன்னது. அதன் வாதத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் முகநூல் கருத்துக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. இந்த நாட்டில் ஏழைகளின் கல்விக்கும் தொழிலாளர் பாதுகாப்புக்கும் சட்டங்கள் மிகப் பின்தங்கி இருப்பதை அவர்கள் கண்டார்கள். அது ஏன் பின்தங்கியது? அந்தச் சட்டங்கள் தேவைப்பட்டவர்களிடம் வாக்கு இல்லை. வாக்கு உள்ளவர்களுக்கு அந்தச் சட்டங்கள் தேவைப்படவில்லை. இந்த நாலு வீதத்திடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டு, முதலில் சனங்களைப் படிப்பியுங்கள், பிறகு வாக்குக் கொடுங்கள் என்றால் எந்தக் காலத்திலும் படிப்பிக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் கேட்பதற்கே வாக்கு வேண்டும். பள்ளிக்கூடம் போயிருந்தால்தான் வாக்கு என்றால் அவன் எந்த வாசலால் உள்ளே வருவான்?

நடந்ததும் அப்படித்தான். 1931இல் எல்லோருக்கும் வாக்கு வந்தது, 1945இல் இலவசக் கல்வி வந்தது. இடையில் 14 வருடம். கன்னங்கராவின் உழைப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர் கல்வி மந்திரியாக இருந்த சபைக்கு, பிள்ளைக்குச் சம்பளம் கட்ட முடியாத தகப்பனும் தாயும் வாக்களித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “படிக்காதவனுக்கு வாக்கு எதற்கு” என்று இன்று எழுதுகிற நம்மில் எத்தனை பேருடைய மூத்தவாப்பா கைநாட்டு வைத்தவர்? அவர் போட்ட வாக்கில் வந்த பள்ளிக்கூடத்தில்தான் நாம் அந்தக் கருத்தை எழுதப் படித்தோம்.

பெண்களுக்கு முதலில் 30 வயது என்றுதான் ஆணைக்குழு சொன்னது. பிரித்தானியாவிலேயே 1918 முதல் அப்படித்தான் இருந்தது, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 30. 1928இல் அங்கே பெண்ணுக்கும் 21 ஆனது. அதைத் தொடர்ந்து இங்கும் 21 ஆகத் திருத்தப்பட்டது. பிரான்சில் அப்போது பெண்களுக்கு வாக்கே இல்லை. சுவிட்சர்லாந்துப் பெண்கள் தேசியத் தேர்தலுக்கு 1971 வரை காத்திருந்தார்கள்.

1929 டிசம்பரில் டொனமூர் யோசனைகள் சட்டநிரூபண சபைக்கு வந்தபோது ஆதரவு 19, எதிர்ப்பு 17. இரண்டு வாக்கால் தப்பிய விஷயம் இது. எதிர்த்தவர்களில் சிறுபான்மை உறுப்பினர்கள் அதிகம். இங்கே நம் சமூகத்தின் பக்கத்தையும் மறைக்காமல் பேச வேண்டும்.

1924இல் முஸ்லிம்களுக்கு இன ரீதியான மூன்று ஆசனங்கள் இருந்தன. டி.பி. ஜாயா, எச்.எம். மாக்கான் மாக்கார், என்.எச்.எம். அப்துல் காதர் மூவரும் அவற்றில் இருந்தார்கள். டொனமூர் அந்த ஆசனங்களை நீக்கி எல்லாவற்றையும் பிரதேசத் தொகுதி ஆக்கியது. தேசம் முழுக்கச் சிதறி வாழும் ஒரு சமூகத்துக்கு அது என்ன செய்யும் என்ற பயம் இருந்தது. அந்தப் பயம் வீண் பயமுமல்ல. 1931இல் தேர்தலில் வென்ற முஸ்லிம் ஒரே ஒருவர், மட்டக்களப்பு தெற்கில் மாக்கான் மாக்கார். 1936இல் ஒருவரும் இல்லை. ஜாயாவும் ஏ.ஆர்.ஏ. ராசிக்கும் நியமனத்தில்தான் அரசாங்க சபைக்குப் போனார்கள். ஆகவே ஜாயா போன்றவர்கள் எதிர்த்ததை வெறும் பதவி ஆசை என்று தள்ள எனக்கு மனமில்லை.

ஆனால் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். அந்த மூன்று ஆசனத்துக்கு யார் வாக்களித்தார்கள்? அதே 600 ரூபாய், அதே எழுத்தறிவு, அதே ஆண். புடைவைக் கடை முதலாளிக்கு முஸ்லிம் பிரதிநிதி இருந்தார். வயல்காரருக்கும் வீட்டு உறுதிக்காரிக்கும் பிரதிநிதியைத் தெரிவு செய்யும் உரிமையே இருக்கவில்லை. ஆசனம் சமூகத்தின் பெயரில் இருந்தது, வாக்கு அதன் ஒரு சிறு மூலையில் இருந்தது. ஆசனம் குறைந்ததைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நம் மூத்தம்மாமார் முதன்முதலாக வாக்குச் சாவடிக்குப் போன வருடமும் அதுதான் என்பதைப் பேசுவதில்லை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று 1929இல் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நான் வாக்கைத்தான் எடுத்திருப்பேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், பேசுவோம்.

1931 ஜூனில் தேர்தல். வாக்காளர் தொகை சுமார் 15 இலட்சத்து 77 ஆயிரம். இரண்டு இலட்சம் சொச்சத்திலிருந்து ஒரே தாவல். இப்போது ஒரு நடைமுறைச் சிக்கல். வாசிக்கத் தெரியாத இலட்சக்கணக்கானவர்கள் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரை எப்படி அடையாளம் காண்பார்கள்? அதற்கு நிறம் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போய் உங்களுக்கு விருப்பமான நிறப் பெட்டியில் போட வேண்டும். பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி என்று ஊரில் பிரசாரம் நடக்கும். இதில் ஓட்டையும் இருந்தது. சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தால் அதை இன்னொருவருக்கு விற்கலாம். பின்னர் 1940களில் பெட்டி நிறம் போய், இன்று நாம் காணும் சின்னம் வாக்குச்சீட்டிலேயே வந்தது. நம்மில் பலர் வாக்களிப்பு நிலையக் கடமைக்குப் போகிறவர்கள். அடுத்த முறை அந்தச் சின்னங்களைப் பார்க்கும்போது, அவை கட்சிகளை அழகுபடுத்த வந்தவை அல்ல, எழுத்தறிவு என்ற மதிலை இடித்த இடத்தில் போட்ட பாலம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1931 நவம்பரில் றுவன்வெல்ல இடைத்தேர்தலில் அட்லின் மொலமூரே வென்று சபைக்குப் போன முதல் பெண் ஆனார். 1932இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து வென்றார், 1936இலும் வென்றார். நம் பெண்களில் ஆயிஷா ரவூப், முஸ்லிம் மகளிர் கல்லூரி அதிபராக இருந்தவர், 1949இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகிப் பின்னர் பிரதி மேயரும் ஆனார். ஆசிரியைகள் இந்தப் பெயரை வகுப்பில் சொல்லலாம்.

இனி அந்தத் தோட்டக் குடும்பம். “சர்வசன” என்ற சொல்லில் அவர்கள் இருந்தார்களா?

டொனமூர் அறிக்கை எழுத்தறிவுக்குப் பதிலாக ஒரு நிபந்தனை வைத்தது, ஐந்து வருட வதிவு. அது அப்படியே சட்டமாகியிருந்தால் தோட்டத்தில் பலர் உள்ளே வந்திருப்பார்கள். அதனால்தான் சிங்களத் தலைவர்கள் எதிர்த்தார்கள். ஆளுநர் ஸ்டான்லி அதை மாற்றினார். இப்போது மூன்று வாசல். ஒன்று, இலங்கையை நிரந்தரத் தாயகமாகக் கொண்டவர் என்று காட்டுவது. இரண்டு, 1924இன் பழைய சொத்து, எழுத்தறிவுத் தகுதி. மூன்று, ஐந்து வருடம் இருந்துவிட்டேன், இங்கேயே நிரந்தரமாக இருக்கப் போகிறேன் என்று எழுதிக்கொடுத்துச் சான்றிதழ் எடுப்பது. அந்தச் சான்றிதழை எடுத்தால் இந்திய அரசின் பாதுகாப்பைக் கோரும் உரிமையை விட வேண்டும். ஆகவே அதை எடுத்தவர்கள் மிகக் குறைவு.

கவனியுங்கள். முதலாளிக்கும் வயல்காரருக்கும் சொத்து வரம்பு 1931இல் செத்துவிட்டது. தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் அது பின்வாசலில் உயிரோடு நின்றது. சட்டத்தில் இந்தியர் என்றோ தமிழர் என்றோ ஒரு சொல்லும் இல்லை. எல்லோருக்கும் பொதுவான வாசகம்தான். ஆனால் அந்த வாசகத்தால் நிறுத்தப்பட்டு, நிரூபி என்று கேட்கப்பட்டது யார் என்று பார்த்தால் விஷயம் தெரியும். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, ஒரு தேர்தல் சட்டத்தை வாசிக்கும்போது யாருக்கு வாக்கு உண்டு என்ற பிரிவோடு நிற்காதீர்கள், யார் எதை நிரூபிக்க வேண்டும் என்ற பிரிவைத் தேடுங்கள் என்பதுதான்.

அதற்கு நல்ல உதாரணம் இடாப்பு. 1931இல் இந்திய வம்சாவளி வாக்காளர்கள் சுமார் ஒரு இலட்சம். 1939இல் இரண்டேகால் இலட்சம். 1943இல் ஒரு இலட்சத்து அறுபத்தெட்டாயிரம். அந்த நாலு வருடத்தில் அரசியல் யாப்பு மாறவில்லை, வயது மாறவில்லை. இடாப்பில் பெயர் பதியும்போது கேட்கும் ஆதாரத்தைத்தான் இறுக்கினார்கள். சட்டம் அப்படியே இருக்க, கச்சேரி மேசையில் வைத்தே ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்களைக் குறைக்க முடிந்திருக்கிறது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தொண்டமான் நுவரெலியாவில் வென்றார். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கம். அதற்கு முன் இங்கே பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமென்றால் அவருடைய தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழை எங்கே தேடுவது? தாய் வழி கணக்கில் இல்லை. தாயின் பிரஜாவுரிமையும் பிள்ளைக்குச் செல்லும் என்று சட்டம் மாற 2003 வரை ஆனது. 1931இல் வாக்குச் சாவடியில் தோற்ற ஆண்-பெண் வேறுபாடு பிறப்புப் பதிவில் இன்னும் எழுபது வருடம் இருந்திருக்கிறது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

எக்னஸ் டி சில்வா “அவர்களும் பெண்கள்தானே” என்று சொன்ன அந்தப் பெண்ணை எடுத்துப் பாருங்கள். 1924இல் அவளைத் தடுக்கப் பெண் என்ற ஒன்றே போதுமாக இருந்தது. 1931இல் வதிவிடத்தை நிரூபித்தால் உள்ளே வரலாம் என்றார்கள். நிரூபித்தவர்களில் ஒருத்தியாக அவள் 1947இல் வாக்களித்திருக்கலாம். 1952இல் பிரஜை அல்ல என்று வெளியே நின்றாள். இந்த விவகாரம் சட்டத்தில் முடிவுக்கு வந்தது 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு. அவள் அப்போது உயிரோடு இருந்திருக்க மாட்டாள்.

இது மலையகத்தின் கதை, நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்கள் புத்தளத்தில் வருடக்கணக்காக வாழ்ந்தபோது எந்த ஊர் இடாப்பில் பெயர் என்பது அவர்களுக்குத் தீராத பிரச்சினையாக இருந்தது. புத்தளத்தில் பதிந்தால் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் விட்டதாக ஆகிறது. மன்னாரில் பதிந்தால், நீ அங்கே குடியிருக்கவில்லையே என்கிறார்கள். இடம்பெயர்ந்தவர்கள் பழைய ஊரில் பதிய விசேட ஏற்பாடு செய்யும் சட்டம் 2013இல்தான் வந்தது, அதுவும் தற்காலிகமாக. அவர்களிடம் சொத்து கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை, ஆண் பெண் பார்க்கவில்லை. வதிவு கேட்டார்கள். தோட்டத்து ஆட்களிடம் கேட்ட அதே கேள்வி.

1959இல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது.  அதற்குப் பிறகு வாக்குரிமையை விரிவாக்கும் வேலை முடிந்துவிட்டது என்ற மாதிரித்தான் பாடப்புத்தகம் முடிகிறது.

முடிந்ததா? நான் தேர்தல் கடமைக்குப் போகும்போது எனக்குத் தபால் மூல வாக்கு இருக்கிறது. அரசாங்கம் என்னை என் ஊரை விட்டு வேறு இடத்தில் நிற்க வைக்கிறது, ஆகவே அதற்கு வழியும் செய்து தருகிறது. என் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் உம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். நாட்டுக்கு டொலர் வேண்டும் என்று நாம்தான் அவளை வழியனுப்பினோம். அவள் இலங்கைப் பிரஜை, வயது முப்பத்தைந்து, ஊர் இடாப்பில் பெயர்கூட இருக்கலாம். வாக்களிக்க வேண்டுமென்றால் டிக்கெட் எடுத்து ஊருக்கு வர வேண்டும். வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க இன்றுவரை ஏற்பாடு இல்லை. எசமானி லீவு தருவாளா, டிக்கெட்டுக்கு எத்தனை மாதச் சம்பளம் போகும் என்று கணக்குப் பார்த்தால் 1924இன் 600 ரூபாய் எனக்கு ஞாபகம் வருகிறது. தேர்தல்கள் ஆணைக்குழு அலுவலர்கள் யாராவது இந்தப் பதிவை வாசித்தால், தூதரகத்தில் ஒரு வாக்குப் பெட்டி வைப்பதற்கு என்ன தடை என்று கீழே எழுதுங்கள். என் மாணவர்களும் வாசிப்பார்கள்.